டிக் டிக் என்று தட்டும் ஹார்ட் டிஸ்க்: மீட்பு ஆய்வகத்தில் நடப்பது என்ன, செலவு எவ்வளவு, நாமே ஏன் திறக்கக் கூடாது

தவறுதலாக அழித்த கோப்பை மீட்பது ஒரு வேலை. பழுதான டிரைவிலிருந்து கோப்பை மீட்பது முற்றிலும் வேறு வேலை. முதலாவதில் டிரைவ் நலமாக இருக்கிறது என்பதால், நல்ல மென்பொருள் ஒன்றும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் பெரும்பாலும் போதும். இரண்டாவதில் டிரைவின் உறுப்புகளே கெட்டிருப்பதால் எந்த மென்பொருளும் உதவாது. இந்த வழிகாட்டி இரண்டாவதைப் பற்றியது. அதிலும் ஆய்வகங்களுக்கு மிகுதியாக வந்து சேரும் ஹெட் பழுதை மட்டும் எடுத்துக்கொண்டு, தொடக்கம் முதல் முடிவு வரை பார்க்கலாம்.

எடுத்துக்காட்டாக ஒரு நிகழ்வை வைத்துக்கொள்வோம். 1 டெராபைட் கொள்ளளவுள்ள 2.5 அங்குல எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்று, கோப்புகளை நகலெடுத்துக்கொண்டிருக்கும்போது மேசையிலிருந்து கீழே விழுகிறது. மீண்டும் இணைத்தால் சுழலத் தொடங்கும் மெல்லிய ஒலி கேட்கிறது. அடுத்து ஒரே சீராக டிக், டிக் என்று சில முறை தட்டுகிறது. பிறகு சுழற்சி நின்றுவிடுகிறது. கணினியில் டிரைவ் தெரிவதில்லை, அல்லது கொள்ளளவு பூஜ்ஜியம் என்று தெரிகிறது.

உள்ளே என்ன நடந்திருக்கிறது

ஹார்ட் டிஸ்கின் உள்ளே, கண்ணாடி போல மினுங்கும் வட்டத் தகடுகள் ஒரு மோட்டாரின் மீது அடுக்கப்பட்டிருக்கும். இவற்றைப் பிளாட்டர் என்பார்கள். ஒவ்வொரு பிளாட்டரின் மேற்பக்கத்துக்கும் கீழ்ப்பக்கத்துக்கும் ஒரு ஹெட் உண்டு; அதுதான் எழுதுகிறது, படிக்கிறது. நம் டிரைவில் 2 பிளாட்டர், 4 ஹெட் இருப்பதாகக் கொள்வோம். பிளாட்டர் நிமிடத்துக்கு 5400 முறை சுழலும்போது, அதனோடு சேர்ந்து இழுபடும் காற்றின் மெல்லிய படலத்தின் மேல் ஹெட் மிதக்கிறது. அந்த இடைவெளி சில நானோமீட்டர்தான். தலைமுடி ஒன்றின் தடிமன் பல்லாயிரம் நானோமீட்டர் என்பதை நினைத்தால், இடைவெளி எவ்வளவு குறுகியது என்பது விளங்கும்.

விழுந்த அதிர்ச்சியில் ஹெட் பிளாட்டரில் மோதியிருக்கிறது. ஒன்றோ இரண்டோ ஹெட் சிதைந்திருக்கலாம். டிரைவ் உயிர்பெறும்போது, தான் இயங்குவதற்கான ஃபர்ம்வேரின் பெரும்பகுதியைப் பிளாட்டரிலேயே ஒதுக்கப்பட்ட ஒரு பகுதியிலிருந்துதான் படிக்க வேண்டும். அதைப் படிக்க முடியாதபோது டிரைவ், ஹெட்டுகளைத் தாங்கும் கையை இழுத்துத் தொடக்க நிலைக்குக் கொண்டுபோய் மறுபடி முயல்கிறது. நாம் கேட்கும் டிக் ஒலி அந்த மறுமுயற்சிதான்.

இங்கே ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை எல்லாம் தாமே விளங்கிவிடும். ஹெட்டை மாற்றலாம், மோட்டார் பழுதையும் ஏதோ ஒரு வழியில் சமாளிக்கலாம், அடியிலுள்ள சர்க்யூட் போர்டைச் சரிசெய்யலாம். மாற்றவே முடியாத ஒரே பொருள் பிளாட்டரின் மேற்பரப்பு. தரவு அங்கேதான் இருக்கிறது. அது சுரண்டப்பட்ட இடத்திலிருந்து உலகில் எந்த ஆய்வகமும் எதையும் எடுத்துத் தர முடியாது.

முதல் படி: மின்சாரத்தைத் துண்டிப்பது

டிக் ஒலி கேட்டவுடன் கேபிளைக் கழற்றிவிடுங்கள், மறுபடி இணைக்காதீர்கள். வேறு கேபிள், வேறு கணினி, வேறு போர்ட் என்று முயலத் தோன்றும். ஒலியே இல்லாத டிரைவுக்கு அந்தச் சோதனை பொருந்தும். தட்டும் டிரைவுக்குப் பொருந்தாது. நிமிடத்துக்கு 5400 சுற்று என்றால் நொடிக்கு 90 சுற்று. சிதைந்த ஹெட்டின் முனை பிளாட்டரைத் தொட்டுக்கொண்டிருந்தால், ஒவ்வொரு நொடியும் அதே வளையத்தை 90 முறை உரசுகிறது. உரசலில் பெயரும் துகள்கள் உள்ளேயே சுழன்று, நலமாக இருக்கும் மற்ற ஹெட்டுகளையும் கெடுக்கின்றன. அரை மணி நேரம் அப்படியே விட்டுவிட்ட டிரைவைத் திறந்தால், பிளாட்டரில் தெளிவான வளையமொன்று விழுந்திருப்பதையும், உள்ளேயிருக்கும் சிறிய வெள்ளை வடிகட்டி கறுத்துப் போயிருப்பதையும் பார்க்கலாம்.

ஒலியை வைத்து ஓரளவு ஊகிக்க முடியும். சுழன்று தட்டினால் பெரும்பாலும் ஹெட். சுழலாமல் மெல்ல முனகினால், ஹெட் பிளாட்டரின் மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது மோட்டார் இறுகியிருக்கலாம். எந்த ஒலியும் அசைவும் இல்லையென்றால் சர்க்யூட் போர்டில் குறை இருக்க வாய்ப்பு அதிகம். தவறான அடாப்டரைச் செருகியதால் நேரும் பழுது பெரும்பாலும் இந்த வகையே, மீட்புக்கும் இதுவே எளிது. உரசும் ஒலி கேட்டால் நிலைமை மோசம். ஊகம் ஊகமாகவே இருக்கட்டும். அதை உறுதிப்படுத்திக்கொள்ள மீண்டும் ஒருமுறை இயக்கிப் பார்க்க வேண்டாம்.

`chkdsk /f` போன்ற பழுதுநீக்கும் கட்டளைகளையும் இந்த நிலையில் தொடக்கூடாது. அவை கோப்பு முறைமையை ஒழுங்குபடுத்த டிரைவின் மேலேயே எழுதுபவை. படிக்கவே திணறும் டிரைவை எழுதச் சொன்னால், மிஞ்சியிருப்பதும் குழம்பிப்போகும். டிரைவை ஃப்ரீசரில் வைக்கும் பழைய வித்தையும் அப்படித்தான். வெளியே எடுத்தவுடன் உள்ளே ஈரம் படிந்து, பிளாட்டரின் மேல் நீர்த்துளிகளாக நிற்கும்.

ஏன் திறக்கக் கூடாது

திறந்த டிரைவ் மேசைமேல் சுழல்வதைக் காட்டும் காணொளிகள் நிறைய இருக்கின்றன. அவை பொய்யல்ல. மூடி இல்லாத டிரைவ் சில நிமிடங்களோ சில மணி நேரமோ ஓடக்கூடும். ஆனால் அவற்றில் ஓடுவது நலமான டிரைவ். அதிலிருக்கும் தரவு யாருக்கும் தேவையில்லாதது. இந்த இரண்டு வேறுபாடுகளையும் காணொளி சொல்வதில்லை.

முதல் சிக்கல் தூசி. ஹெட் மாற்றும் மேசை பொதுவாக ஐஎஸ்ஓ 5 தரத்தில் இருக்கும்: அரை மைக்ரோமீட்டரும் அதற்கு மேலும் அளவுள்ள துகள்கள் ஒரு கன மீட்டர் காற்றில் 3,520-ஐத் தாண்டக் கூடாது. அதே கணக்கில், சாதாரண அறைக் காற்றுக்கு நெருக்கமான ஐஎஸ்ஓ 9 தரத்தின் எல்லை 3.52 கோடி, அதாவது பத்தாயிரம் மடங்கு. அரை மைக்ரோமீட்டர் என்பது 500 நானோமீட்டர். ஹெட்டின் இடைவெளியோ சில நானோமீட்டர். அப்படியொரு துகள் பிளாட்டரில் உட்கார்ந்தால், நொடிக்கு 90 முறை வந்து இடிக்கும் ஹெட்டுக்கு அது பாறை. குளியலறையில் நீராவி விட்டுத் தூசியை அடக்கினேன், கையுறை போட்டுக்கொண்டேன் என்பவை இந்த எண்களின் முன் பொருளற்றவை.

இருந்தாலும், தூசியைவிடப் பெரிய சேதத்தைச் செய்வது கைதான் என்பது என் கருத்து. மூடியைப் பிடித்திருக்கும் திருகுகளில் ஒன்று பல மாடல்களில் லேபிளுக்கு அடியில் மறைந்திருக்கும். அது வெறும் மூடித் திருகு அல்ல. ஹெட்டுகளைத் தாங்கும் கையின் சுழலச்சு, மேலே அந்தத் திருகால்தான் மூடியோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. அதைத் தளர்த்தியதும் அச்சு இம்மியளவு சாய்கிறது, ஹெட்டுகள் தம் தடங்களிலிருந்து விலகுகின்றன. நலமாக இருந்த டிரைவ்கூட இதன் பிறகு தட்டத் தொடங்கலாம். ஆய்வகத்தில் இருப்பவர்களுக்கு எந்த மாடலில் எந்தத் திருகு, மூடியை எடுத்த பிறகு அச்சை எப்படிப் பிடித்து நிறுத்துவது என்பது பழக்கமான விஷயம்.

திறந்த பிறகு பலர் செய்யும் அடுத்த காரியம், பிளாட்டரின் நடுவில் நிற்கும் ஹெட்டை விரலால் ஓரத்துக்குத் தள்ளுவது. பிளாட்டர் சுழலாதபோது ஹெட்டுக்கும் அதற்கும் இடையே காற்றுப் படலம் இல்லை. ஹெட் நேராகப் பரப்பில் அமர்ந்திருக்கிறது. அந்த நிலையில் தள்ளினால் வளைவாகக் கீறிக்கொண்டே போகும். போதாததற்கு, மேலிருக்கும் ஹெட்டும் கீழிருக்கும் ஹெட்டும் சிறு ஸ்பிரிங் விசையால் ஒன்றையொன்று நோக்கி அழுத்திக்கொண்டிருக்கின்றன. பிளாட்டரின் ஓரத்தைத் தாண்டியதும், இடையில் தாங்க ஒன்றும் இல்லையென்றால், இரண்டும் பட்டென்று மோதிக்கொள்ளும். ஆய்வகத்தில் இதற்கென்றே மெல்லிய சீப்பு போன்ற கருவியை முதலில் செருகி, ஹெட்டுகளைப் பிரித்து நிறுத்திய பிறகுதான் கையை நகர்த்துகிறார்கள்.

2.5 அங்குல டிரைவுகளில் பிளாட்டர் பெரும்பாலும் கண்ணாடியாலானது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஒட்டிக்கொண்டதை விடுவிக்க ஸ்குரூடிரைவரால் நெம்பினால் அது நொறுங்கிவிடலாம். அதிகக் கொள்ளளவுள்ள டிரைவுகளில், 2013 முதல் சந்தைக்கு வந்த ஹீலியம் நிரப்பிய வகையாக இருந்தால், மூடி திறந்த கணமே வாயு வெளியேறிவிடுகிறது. ஹெட் மிதக்கும் உயரமே அதை நம்பி அமைக்கப்பட்டது என்பதால், ஆய்வகத்துக்கும் அது கடினமான வேலையாகிவிடும்.

சர்க்யூட் போர்டை மட்டும் மாற்றிப் பார்க்கலாமே என்று கேட்கலாம். பழைய டிரைவுகளில் அது நடந்ததுண்டு. இப்போதைய டிரைவுகளில், அந்தக் குறிப்பிட்ட டிரைவின் ஹெட்டுகளுக்கேற்ப ஆலையில் அளந்து பதிந்த மதிப்புகள் போர்டிலுள்ள ஒரு சிறு நினைவக சிப்பில் இருக்கின்றன. அதே மாடலின் வேறு போர்டைப் பொருத்தினாலும், இந்த சிப்பையோ அதன் உள்ளடக்கத்தையோ மாற்றாமல் டிரைவ் ஒழுங்காக எழாது. நம் எடுத்துக்காட்டில் போர்டு பழுதே இல்லை என்பதால், அதை மாற்றுவது வீண்வேலை மட்டுமல்ல, சிதைந்த ஹெட்டை இன்னொரு முறை சுழலவிடும் வேலையும்கூட.

ஆய்வகத்தில் நடப்பது

முதலில் பரிசோதனை. டிரைவைச் சுழலவிடுவதற்கு முன்பே போர்டை அளந்து பார்ப்பார்கள். பிறகு தூய காற்று வீசும் மேசையில் மூடியை எடுத்து, ஹெட்டுகளை நுண்ணோக்கியில் பார்த்து, பிளாட்டரில் கீறல் உண்டா என்று ஒளியைச் சாய்த்துத் தேடுவார்கள். நம் டிரைவில் மேலிருந்து முதல் ஹெட் வளைந்திருக்கிறது, அந்தப் பரப்பின் வெளி ஓரத்தில் ஒரு சிறு கீறலும் இருக்கிறது என்று கொள்வோம். மற்ற மூன்று பரப்புகளும் நன்றாக இருக்கின்றன.

அடுத்து டோனர் தேடல், அதாவது ஹெட்டுகளைத் தானமாகத் தரும் டிரைவைத் தேடுவது. ஹெட்டுகள் தனியாக விற்பனைக்குக் கிடைப்பதில்லை. நலமான இன்னொரு டிரைவிலிருந்துதான் எடுக்க வேண்டும். மாடல் எண் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. ஃபர்ம்வேர் குடும்பம், ஹெட்டுகளின் எண்ணிக்கை, தயாரித்த ஆலை, சில வகைகளில் தயாரித்த தேதி வரை நெருங்கி வர வேண்டும். ஆய்வகத்தின் கையிருப்பில் இருந்தால் அன்றே வேலை தொடங்கும். இல்லையென்றால் தேடி வரவழைக்க நாட்களோ வாரங்களோ ஆகும். தாமதத்துக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

ஹெட் தொகுதியை மாற்றியதும் டிரைவ் புதியதுபோல் ஆகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒருமுறை படித்து முடிக்கும் வரை தாங்கினால் போதும் என்ற கணக்கில்தான் செய்யப்படுகிறது. வேற்று டிரைவின் ஹெட்டுகள் முழுப் பொருத்தத்தோடு அமைவதில்லை, எப்போது வேண்டுமானாலும் தளர்ந்துவிடலாம். ஆகவே டிரைவைக் கணினியில் செருகிக் கோப்புகளை இழுத்துப் போடுவதில்லை. டிரைவுக்குப் போகும் மின்சாரத்தையும் ஒவ்வொரு படிப்புக்கும் காத்திருக்கும் நேரத்தையும் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் சிறப்புக் கருவி ஒன்றில் இணைக்கிறார்கள். முதலில் ஃபர்ம்வேர்ப் பகுதியைப் படித்துப் பத்திரப்படுத்துகிறார்கள்; பிறகு செக்டர் செக்டராக நகலெடுத்து இன்னொரு டிரைவில் இமேஜ் உருவாக்குகிறார்கள்.

நகலெடுக்கும் வரிசையில்தான் தொழில் தெரிகிறது. 1 டெராபைட் டிரைவில் 512 பைட் கணக்கில் 1,953,525,168 செக்டர் உண்டு. நலமான டிரைவில் நொடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் படித்தால் மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வேற்று ஹெட்டுகளோடு அந்த வேகம் 5 மெகாபைட்டுக்கு இறங்கினால், அதே வேலைக்கு இரண்டே கால் நாளுக்கு மேல் ஆகும். ஆகவே எளிதாகப் படிக்கக் கிடைப்பதை முதலில் எடுத்துவிடுகிறார்கள்: நன்றாக இருக்கும் மூன்று ஹெட்டுகளின் பகுதியை மட்டும் முதல் சுற்றில் படித்து, திணறும் இடங்களை உடனே தாண்டிவிட்டு, கீறல் உள்ள பரப்பைக் கடைசிக்கு ஒதுக்குகிறார்கள். அங்கே ஹெட் மறுபடி சிதைந்தாலும் அதற்குள் முக்கால் பங்கு கையில் இருக்கும்.

அந்த முக்கால் பங்கு என்ற சொல் ஏமாற்றக்கூடியது. டிரைவ் ஒரு பிளாட்டரை நிரப்பிவிட்டு அடுத்ததற்குப் போவதில்லை. ஒரு பரப்பில் பல மெகாபைட் எழுதி, அடுத்த பரப்புக்குத் தாவி, மீண்டும் திரும்புகிறது. நான்கில் ஒரு ஹெட்டின் பகுதி முழுவதும் கிடைக்காமல் போனால், சில மெகாபைட் அளவுள்ள புகைப்படங்களிலும் ஆவணங்களிலும் ஏறக்குறைய முக்கால்வாசி முழுமையாக வந்துவிடும். பல ஜிகாபைட் நீளமுள்ள வீடியோக்களோ ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஓட்டை விழுந்திருக்கும். நம் டிரைவில் கீறல் சிறியது என்பதால், கடைசிச் சுற்றில் அந்தப் பரப்பிலும் பெரும்பகுதி கிடைத்துவிடுகிறது. கீறலையொட்டிய செக்டர்கள் மட்டும் போகின்றன. ஆகவே “எத்தனை சதவீதம் மீண்டது” என்று கேட்பதைவிட “எந்தக் கோப்புகள் முழுமையாகத் திறக்கின்றன” என்று கேட்பதே பயனுள்ளது.

இமேஜ் முடிந்த பிறகு அசல் டிரைவுக்கு வேலை இல்லை. இமேஜின் மேல்தான் கோப்பு முறைமையை ஆராய்ந்து கோப்புகளைப் பிரித்தெடுக்கிறார்கள். டிரைவ் என்கிரிப்ட் செய்யப்பட்டிருந்தால் கடவுச்சொல்லோ மீட்புச் சாவியோ இல்லாமல் இந்தப் படி நடக்காது. சில எக்ஸ்டர்னல் டிரைவுகளில் உரிமையாளர் எந்தக் கடவுச்சொல்லும் போடாவிட்டாலும் அதன் போர்டே தரவை என்கிரிப்ட் செய்கிறது. அதனால் உறை, போர்டு என எதையும் தூக்கி எறியாமல் சேர்த்தே கொடுக்க வேண்டும்.

எஸ்எஸ்டி பற்றி ஒரு வார்த்தை: அதில் ஹெட்டும் இல்லை, தூய அறையும் தேவையில்லை. கன்ட்ரோலர் சிப் பழுதானால் நிலை வேறு, முறையும் வேறு; அது தனிக் கட்டுரைக்கு உரியது.

செலவு

விலை நாட்டுக்கு நாடும் ஆய்வகத்துக்கு ஆய்வகமும் மாறும் என்றாலும், பன்னாட்டு அளவில் பரவலாகக் காணும் வரம்பை அமெரிக்க டாலரில் சொல்லலாம். டிரைவ் நலமாக இருந்து கோப்பு முறைமை மட்டும் கெட்டிருந்தால் நூறு முதல் சில நூறு டாலர். போர்டு அல்லது ஃபர்ம்வேர் பழுதென்றால் சில நூறு. ஹெட் மாற்ற வேண்டிய நம் எடுத்துக்காட்டைப் போன்றவை பல நூறிலிருந்து 1,500 டாலர் வரை, சில இடங்களில் அதற்கு மேலும். ஹீலியம் டிரைவுகளும், பல டிரைவுகள் சேர்ந்த ரெய்டு தொகுப்புகளும் ஆயிரங்களில் போகும்.

இந்தத் தொகையில் கொள்ளளவின் பங்கு குறைவு. டோனர் டிரைவின் விலை, மேசையில் தேர்ந்த ஒருவர் செலவிடும் மணிநேரங்கள், கருவி நாள்கணக்கில் ஒரே டிரைவுக்காக ஓடுவது ஆகியவையே விலையைத் தீர்மானிக்கின்றன. தரவு கிடைக்காவிட்டால் கட்டணம் இல்லை என்னும் முறையைப் பல ஆய்வகங்கள் பின்பற்றுகின்றன. தோற்ற வேலைகளின் செலவையும் வென்ற வேலைகளே சுமக்கின்றன என்பதும் விலை கூடுவதற்கு ஒரு காரணம். இந்த முறையிலும் டோனர் செலவையோ பரிசோதனைக் கட்டணத்தையோ தனியாக வாங்குவோர் உண்டு என்பதால், அதை எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அவசரச் சேவைக்கும், கோப்புகளைப் போட்டுத் தரும் புதிய டிரைவுக்கும் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கும்.

ஏற்கெனவே திறக்கப்பட்ட டிரைவென்றால், பல இடங்களில் முன்கூட்டியே திரும்பப் பெற முடியாத கட்டணம் கேட்பார்கள், அல்லது ஏற்கவே மாட்டார்கள். அது தண்டனை அல்ல. பிளாட்டரைத் துடைக்க வேண்டும், சாய்ந்த அச்சைச் சீராக்க வேண்டும், ஒன்றுக்கு மேற்பட்ட டோனர் தேவைப்படலாம். இவ்வளவு செய்தும் தரவு கிடைக்கும் வாய்ப்பு குறைந்திருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். திறந்துவிட்டிருந்தால் அதை மறைக்காதீர்கள். தெரியாமல் அவர்கள் முதலில் சுழலவிட்டால் இழப்பு உங்களுக்குத்தான்.

ஒப்படைக்கும் முன்

கணினி பழுதுபார்க்கும் கடைகள் பலவும் டிரைவை வாங்கி வேறிடத்துக்கு அனுப்புகின்றன. சில, அனுப்புவதற்கு முன் தாமே மென்பொருளை ஓடவிட்டுப் பார்க்கின்றன. ஆகவே முதல் கேள்வி இதுதான்: ஹெட் மாற்றும் வேலையை இங்கேயே செய்கிறீர்களா, யார் செய்கிறார்கள்? பரிசோதிக்காமலே தொலைபேசியில் உறுதியான விலையும் நூறு சதவீத உத்தரவாதமும் சொல்பவரை நான் தவிர்ப்பேன். பரிசோதனைக்குப் பிறகு விலையைச் சொல்லி, உங்கள் ஒப்புதல் கிடைக்கும் வரை காத்திருப்பவரே முறையானவர்.

எந்தக் கோப்புறைகள் உங்களுக்கு இன்றியமையாதவை என்று வரிசைப்படுத்தி எழுதிக் கொடுங்கள். டிரைவ் பாதியில் நின்றுவிடும் நிலை வந்தால் அவற்றை முதலில் எடுக்க அது உதவும். விழுந்ததா, நனைந்ததா, எத்தனை முறை இணைத்துப் பார்த்தீர்கள் என்பதையும் உள்ளபடி எழுதுங்கள். டிரைவை நிலைமின் தடுக்கும் உறையில் இட்டு, எல்லாப் பக்கமும் சில சென்டிமீட்டர் பஞ்சு அல்லது குமிழ்த் தாள் சூழ, குலுக்கினால் அசையாதபடி பெட்டியில் வையுங்கள்.

பணம் கட்டும் முன் மீண்ட கோப்புகளின் பட்டியலைக் கேளுங்கள். கோப்புப் பெயர் இருப்பதாலேயே உள்ளடக்கம் இருப்பதாகாது என்பதால், முக்கியமான சிலவற்றைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கையில் வாங்கியதும் இன்னொரு நகல் எடுத்துச் சரிபாருங்கள். ஆய்வகங்கள் இமேஜைச் சில நாட்கள் அல்லது சில வாரங்கள் வைத்திருந்து பிறகு அழித்துவிடும். விட்டுப்போன கோப்பை அந்தக் காலத்துக்குள் கேட்டால் இமேஜிலிருந்து தேடித் தர முடியும். அது கடந்துவிட்டால், மாற்றிய ஹெட்டுகளோடு தள்ளாடி நிற்கும் பழைய டிரைவைத்தான் மறுபடி முதலிலிருந்து தொட வேண்டியிருக்கும்.